நோட்டீஸ் போர்டில் நிற்கவைக்கும் ஒரு வரி

பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் நோட்டீஸ் போர்டில் ஊசி குத்தவும் இடம் இருக்காது. எங்கு பார்த்தாலும் சிம்போசியம் போஸ்டர். மாணவர்கள் செல்லமாகச் சொல்வது ‘சிம்போ’. ஒரு துறை, ஒரு நாள். காலையில் பேப்பர் பிரசென்டேஷன், இன்னொரு அறையில் கோடிங் போட்டி, படங்களைச் சேர்த்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் ‘கனெக்‌ஷன்ஸ்’, நடுவே சாப்பாடு, மாலையில் சான்றிதழ். இவற்றோடு ஒர்க்‌ஷாப்புகளும் உண்டு. பப்ளிசிட்டி டீம் அதிகம் தடுமாறுவது இந்த ஒர்க்‌ஷாப்புகளில்தான்.

சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சாஸ்த்ரா’, திருச்சி என்.ஐ.டி.யின் ‘பிரக்யான்’, கிண்டி பொறியியல் கல்லூரியின் ‘குருக்ஷேத்ரா’ போன்ற பெரிய விழாக்களுக்குப் பெயரே கூட்டத்தைக் கொண்டுவந்துவிடும். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் துறைக்கு அந்த வசதி இல்லை. அந்தத் துறையைக் கேள்விப்படாத ஒரு மாணவி போஸ்டரின் முன்னால் சில நொடிகள்தான் நிற்பாள். அதற்குள் அவள் பல விஷயங்களை எடைபோட வேண்டும். பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும், இரண்டு பேருந்து மாற வேண்டும், துறைத்தலைவரிடம் ஓ.டி. கையெழுத்து வாங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் அன்றைக்கு ஆப்சென்ட். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பதால், அந்த ஒரு நாள் அவளுக்கு இலவசமல்ல.

இவ்வளவையும் எடைபோடும் மாணவிக்குப் பெரும்பாலான போஸ்டர்கள் தருவது என்ன? “பொருள்களின் இணையம் — எதிர்காலத்துக்குள் நுழையுங்கள்.” அல்லது ஒரு சினிமா வசனத்தை வளைத்து எழுதிய மீம். மீமுக்கு லைக் விழும், நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த அறைக்குள் போனால் என்ன செய்யப் போகிறோம் என்று அதில் ஒரு சொல்கூட இருக்காது. லைக் போட்டவர்கள் எல்லாம் பணம் கட்டுவார்கள் என்று நம்பி நாற்காலி போடும் குழுக்கள் அன்று காலை ஸ்பாட் ரெஜிஸ்ட்ரேஷன் மேசையில் கவலையோடு உட்கார்ந்திருக்கின்றன.

ஒர்க்‌ஷாப்புக்கான நல்ல வரி வார்த்தை ஜாலத்திலிருந்து பிறப்பதில்லை. பப்ளிசிட்டி டீமில் ஒருவர், ஒர்க்‌ஷாப்பை நடத்தப்போகும் சீனியரிடம் போய், “அண்ணா, மூன்றரை மணிக்கு அவங்க கையில என்ன இருக்கும்?” என்று கேட்பதிலிருந்துதான் பிறக்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு துறை நான்கு ஒர்க்‌ஷாப் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். முதலாவது ஐ.ஓ.டி. ‘எதிர்காலம்’ என்று தொடங்கிய சீனியரை இந்தக் கேள்வியால் இழுத்துப் பிடித்தால் பதில் வரும்: ஈஎஸ்பி32 என்ற சிறு போர்டில் மண் ஈர சென்சாரை இணைப்பார்கள், பூந்தொட்டியில் குத்துவார்கள், மண் காய்ந்தால் போனுக்குத் தகவல் போகும். வரி அங்கேயே இருக்கிறது.

“செடிக்குத் தாகம் எடுத்தால் உங்கள் போனுக்குத் தெரியும்.”

அதன் கீழே சிறிய எழுத்தில் இரண்டாவது வரி: “சென்சார், போர்டு எங்களுடையது. லேப்டாப் உங்களுடையது.” முதல் வரி அழைக்கிறது, இரண்டாவது வரி அந்த நாளைக் காப்பாற்றுகிறது. லேப்டாப் வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் பாதிப் பேர் வெறுங்கையோடு வந்து அடுத்தவர் தோள் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். பதிவு செய்தவர்களுக்கு முந்தின நாளே போர்டுக்கான யு.எஸ்.பி. டிரைவரை அனுப்பி நிறுவச் சொல்ல வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா போகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஈஎஸ்பி32 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். பிரவுசர் திறந்து பாஸ்வேர்டு கேட்கும் கல்லூரி வைஃபையில் அது தானாக நுழையாது. தனி ரவுட்டர் ஒன்றோ, ஒருவர் போனின் ஹாட்ஸ்பாட்டோ தயாராக இல்லையென்றால் செடியின் தாகம் யார் போனுக்கும் எட்டாது. போஸ்டர் சொன்னது பொய்யாகிவிடும்.

இரண்டாவது, பி.சி.பி. வடிவமைப்பு. கீகேட் என்ற இலவச மென்பொருளில் சர்க்யூட் வரைந்து, போர்டில் தடங்களை அமைக்கக் கற்றுத் தருவார்கள். அச்சடித்த போர்டு அன்றே கையில் கிடைக்காது. கோப்பைத் தயாரிப்பாளருக்கு அனுப்பினால் வந்துசேர நாளாகும். ஆகவே “உங்கள் போர்டோடு வீட்டுக்குப் போங்கள்” என்று எழுதக்கூடாது. எலக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வேதனை இருக்கிறது. லேபில் பிரெட்போர்டில் எல்லாம் வேலை செய்யும். தேர்வாளர் பக்கத்தில் வந்து நிற்கும்போது ஒரு ஒயர் மட்டும் தளர்ந்திருக்கும்.

“எக்ஸ்டர்னல் வந்ததும் கழன்ற அந்த ஒயர், இனி கழலாது.”

பி.சி.பி. என்றால் என்ன என்று விளக்காமலேயே அது எதற்கு என்பதை இந்த வரி சொல்லிவிடுகிறது. இயந்திரவியல் மாணவருக்கு இது புரியாமல் போகலாம். அதில் தவறில்லை, யாருக்கான ஒர்க்‌ஷாப்போ அவரை நிறுத்தினால் போதும்.

மூன்றாவது, எத்திக்கல் ஹேக்கிங். இருக்கைகள் வேகமாக நிரம்பக்கூடிய தலைப்பு. தவறான வரி எழுதும் ஆபத்தும் இதில்தான் அதிகம். “பக்கத்து வீட்டு வைஃபையை உடைக்கலாம் வாங்க” என்ற பாணியில் எழுதக் கை துறுதுறுக்கும். உரிமையாளர் அனுமதியின்றி அடுத்தவர் கணினிக்குள்ளோ நெட்வொர்க்குக்குள்ளோ நுழைவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்படி நடவடிக்கைக்கு உரியது. துறைத்தலைவரின் பெயர் அச்சாகும் போஸ்டரில் அதை விளையாட்டாகக்கூட அழைப்பாக எழுதக்கூடாது. உண்மையில் இந்த ஒர்க்‌ஷாப்புகளில் நடப்பது வேறு. பயிற்சிக்கென்றே ஓட்டைகளோடு கட்டப்பட்ட, ஓவாஸ்ப் அமைப்பின் ‘ஜூஸ் ஷாப்’ போன்ற தளத்தைக் கல்லூரிக் கணினியிலேயே ஓடவிட்டு, அதைத்தான் உடைக்கிறார்கள்.

“பூட்டு எங்களுடையது. சாவியில்லாமல் திறந்து காட்டுங்கள்.”

துடிப்பும் குறையவில்லை, சட்டமும் மீறப்படவில்லை. அனுமதி என்ற பாடத்தின் முதல் விதி அந்த ஐந்து சொற்களுக்குள்ளேயே வந்துவிட்டது.

நான்காவது, முப்பரிமாண அச்சு. இங்கேதான் வரியைப் போஸ்டரில் ஏற்றுமுன் பேனாவை வைத்துவிட்டுக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. முதலில் எல்லோருக்கும் தோன்றும் வரி இது: “காலையில் வரைந்த கீ செயின், மாலையில் உங்கள் பாக்கெட்டில்.” அழகான வரி. 40 பேர் பதிவு செய்தால்? சிறிய கீ செயின் ஒன்றை அச்சிட 20 நிமிடம் என்று கொள்வோம். 40 பேருக்கு 800 நிமிடம்; அதாவது 13 மணி 20 நிமிடம். இரண்டு பிரிண்டர் இருந்தாலும் 6 மணி 40 நிமிடம் ஓட வேண்டும். சாஃப்ட்வேர் சொல்லித் தருவதற்கே காலை முழுவதும் போய்விடும். அச்சின் முதல் அடுக்கு தட்டில் ஒட்டாமல் பெயர்ந்தால் மறுபடி தொடங்க வேண்டும். மாலை நாலு மணிக்கு முப்பது பேர் ஊர்ப் பேருந்தைப் பார்த்துக்கொண்டே வெறும் பாக்கெட்டோடு நிற்பார்கள்.

வழி இரண்டு. ஒன்று, இருக்கையைக் குறைப்பது. இன்னொன்று, நாலு நாலு பேராகப் பத்துக் குழு அமைப்பது: பத்து அச்சு, 200 நிமிடம், இரண்டு பிரிண்டரில் 100 நிமிடம். மதிய உணவுக்குப் பிறகு தொடங்கினாலும், ஓரிரண்டு அச்சு கெட்டாலும் முடித்துவிடலாம். அப்போது வரி தானாகவே மாறுகிறது.

“நாலு பேர், ஒரு டிசைன். மாலைக்குள் அது கையில்.”

முதல் வரியைவிட இதில் கவர்ச்சி கொஞ்சம் குறைவு. ஆனால் இதைக் காப்பாற்ற முடியும். காப்பாற்ற முடியாத வரியின் விலையை அடுத்த ஆண்டு ஜூனியர்கள் கொடுப்பார்கள். அதே கல்லூரியிலிருந்து திரும்ப வரமாட்டார்கள் என்பது மட்டுமல்ல, வந்தவர்கள் தங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சொல்லியும் விடுவார்கள்.

எழுதிய வரிகளுக்கு இன்னொரு சோதனை உண்டு. பப்ளிசிட்டி டீம் மற்ற கல்லூரிகளுக்குப் போய் வகுப்பு வகுப்பாக ஏறி அறிவிக்கும்போது, பேராசிரியர் கொடுப்பது ஒரே நிமிடம். கையில் போஸ்டர் இருந்தாலும் கடைசி பெஞ்சுக்கு எழுத்து தெரியாது. அந்த நேரத்தில் வரி வாயால் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். மூச்சு வாங்காமல் சொல்ல முடியாத வரியைச் சுருக்கியே ஆக வேண்டும். மேலே உள்ள நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்க்கலாம். அரை நிமிடம்கூட ஆகாது. தேதியும் கட்டணமும் சொல்ல நேரம் மிஞ்சும்.

இன்ஸ்டாகிராமில் கேப்ஷனின் தொடக்கம் மட்டுமே கண்ணில் படும், மிச்சம் மடிந்துவிடும். கல்லூரிப் பெயர், துறைப் பெயர், ‘பெருமையுடன் வழங்கும்’ என்று ஆரம்பித்தால் ஒர்க்‌ஷாப் வரி யார் கண்ணுக்கும் எட்டாது. வரி முதலில், பெயர் பிறகு. கேப்ஷனில் போடும் இணைப்பைத் தட்டினால் அது திறக்காது என்பதால் ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கராகவும் சுயவிவரத்திலும் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்குத்தான் ஃபார்வர்டு செய்ய முடியும். பல கை மாறிய செய்தியென்றால் ஒன்றுக்குத்தான். அதனால் ஒருவரே எல்லோருக்கும் அனுப்பும் திட்டம் பலிக்காது. ஒவ்வொரு கல்லூரியிலும் நண்பன் ஒருவன் தன் வகுப்புக் குழுவில் போடுவதே வேலை செய்கிறது. போஸ்டரைப் படமாக மட்டும் சேமித்து ஸ்டேட்டஸில் வைப்பவர்களும் உண்டு. அதனால் தேதி, கட்டணம், கியூஆர் மூன்றும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

எந்த வரி வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? பதிவுப் படிவத்தில் பணம் கட்டியதற்கான யு.டி.ஆர். எண்ணைக் கேட்பது போலவே, “எங்கே பார்த்தீர்கள்?” என்றும் ஒரு கேள்வி வைக்கலாம். கூகுள் படிவத்தில் அந்தப் பதிலை முன்கூட்டியே நிரப்பிய இணைப்பை உருவாக்கும் வசதி இருக்கிறது. போஸ்டருக்கு ஒன்று, இன்ஸ்டாவுக்கு ஒன்று, ஒவ்வொரு கல்லூரி வாட்ஸ்அப்புக்கும் ஒன்று என்று தனித்தனி இணைப்பு கொடுத்தால் எங்கிருந்து யார் வந்தார் என்று தாளில் தானாகவே விழுந்துவிடும்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் அந்தத் தாளைத் திறந்து பார்க்க வேண்டும். ஹேக்கிங் நிரம்பிவிட்டிருந்தால், அன்றே அதற்கான போஸ்ட்டை நிறுத்திவிட்டு “இருக்கை முடிந்தது” என்று போட வேண்டும்; நிரம்பிய ஒர்க்‌ஷாப்புக்குப் பணம் வாங்கிவிட்டுத் திருப்பித் தருவதைப் போல வெறுப்பேற்றுவது வேறில்லை. பி.சி.பி.க்குப் பலர் படிவத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பதிவு செய்யாமல் போயிருப்பதாகத் தோன்றினால் வரியைத் திருத்த வேண்டாம். கட்டணத்தையும் தேதியையும் பார்க்க வேண்டும். அந்த வாரத்தில் பக்கத்துக் கல்லூரிகளில் இன்டர்னல் தேர்வு நடக்கிறதா என்று அங்குள்ள நண்பனிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். யாருமே படிவத்தைத் திறக்கவில்லை என்றால்தான் வரியில் குறை. அப்போது மறுபடி சீனியரிடம் போய், மூன்றரை மணிக்குக் கையில் என்ன இருக்கும் என்ற கேள்வியை இன்னும் கறாராகக் கேட்க வேண்டியதுதான்.