கேட்டதில் எதைக் குறித்துக்கொள்வது?

ஒரு சிறு பேச்சு ஒலிக்கிறது. எழுத்து வடிவம் கையில் இல்லை. வெற்றுத்தாள் மட்டும் உண்டு. பேச்சு முடிந்த பிறகுதான் கேள்விகள் வரும். கேட்டல் திறனைச் சோதிக்கும் இந்த முறையில் பெரும்பாலோர் காதில் விழுவதையெல்லாம் எழுதிவிடப் பார்க்கிறார்கள். அது முடியாத காரியம். பேசுகிற வேகத்தில் கால் பங்கைக்கூடக் கை எட்டுவதில்லை. திணறிப்போனதும் ஆண்டு, தேதி, அளவு என்று எண்களை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். கேள்விகள் வரும்போதுதான் அது போதவில்லை என்று தெரிகிறது.

இந்தச் சிறு பேச்சை யாராவது உங்களுக்குச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்:

“மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி. டெல்டாவின் குறுவைச் சாகுபடிக்காக வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி அணையைத் திறப்பார்கள். 2022இல் நீர்வரத்து நன்றாக இருந்ததால் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024இல் தண்ணீர் போதாததால் ஜூன் 12ஆம் தேதி திறக்க முடியவில்லை.”

எண்களை மட்டும் எழுதியவரின் தாளில் 1934, 120 அடி, ஜூன் 12, 2022 மே 24, 2024 ஜூன் 12 என்று இருக்கும். ஒன்றுகூடத் தப்பில்லை. இப்போது கேள்வி: 2024இல் அணை எந்தத் தேதியில் திறக்கப்பட்டது? தாளைப் பார்த்தால் ஜூன் 12 என்றே எழுதத் தோன்றும். உண்மையில், எந்தத் தேதியில் திறந்தார்கள் என்று பேச்சில் சொல்லவே இல்லை; அன்று திறக்கவில்லை என்பது மட்டும்தான் சொல்லப்பட்டது. எண் சரியாக இருந்தும் விடை தவறிப்போகிறது.

இந்தச் சறுக்கலுக்குத் தமிழின் வாக்கிய அமைப்பும் ஒரு காரணம். ‘முடியவில்லை’ என்பது வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. தேதி காதில் விழுந்தவுடன் பேனா அதை எழுதப் போய்விடுகிறது; வாக்கியத்தையே புரட்டிப்போடும் சொல் வரும்போது கவனம் தாளில் இருக்கிறது. காரணத்தைச் சொல்வதும் தனிச்சொல்லாக வராமல், ‘போதாததால்’ என்பதில் உள்ள ‘ஆல்’ போல விகுதியாக ஒட்டிக்கொண்டு வருகிறது. அசந்தால் அதுவும் நழுவிவிடும். ஆகவே வினைமுற்று காதில் விழும்வரை பேனாவைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். தமிழில் குறிப்பெடுக்கும் ஒருவருக்கு இதைவிட முக்கியமான பழக்கம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஒருவர் பேசி முடித்த பிறகு அதை முழுதாக வேறு மொழியில் சொல்ல வேண்டிய மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதே சிக்கல்தான். அவர்களுக்காக ஜான்-பிரான்சுவா ரோசான் எழுதிய பிரெஞ்சு நூல் 1956இல் ஜெனீவாவில் வெளியானது. சொல்லை விட்டுக் கருத்தைக் குறி, கருத்துகளுக்கு இடையிலான தொடர்பைக் குறி, எதிர்மறையை விடாதே, பக்கவாட்டில் எழுதாமல் மேலிருந்து கீழாக எழுது என்கிறார் அவர். அந்த வழியில் மேட்டூர் பேச்சின் பின்பாதி இப்படி அமையும்:

குறுவை: ஜூன் 12 (வழக்கம்)
2022: மே 24
  ← நீர்வரத்து
2024: ஜூன் 12 ✗
  ← நீர் குறைவு

முந்தைய தாளைவிட இதில் கூடியிருப்பது ஒரு பெருக்கல் குறி, இரண்டு அம்புகள், நாலைந்து சொற்கள். இப்போது ‘ஏன்’ என்று கேட்டாலும் விடை தாளில் இருக்கிறது.

வீட்டிலோ வகுப்பிலோ இதைச் செய்துபார்க்க விரும்புபவர்கள் புத்தகப் பத்தியை அப்படியே வாசித்துக் காட்ட வேண்டாம். கண்ணுக்காக எழுதப்பட்டது காதுக்கு இறுக்கமாக இருக்கும். நாலைந்து குறிப்புகளை வைத்துக்கொண்டு இயல்பாகப் பேசி, கைபேசியில் பதிவுசெய்துகொள்வது நல்லது. கேள்விகளை முதலில், பேச்சைக் கேட்காத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவரே விடை சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி பொது அறிவைத்தான் சோதிக்கிறது. ‘குறுவைக்கு அணை திறக்கும் வழக்கமான நாள் எது’ என்பது தஞ்சாவூர்ப் பிள்ளைக்குக் கேட்காமலே தெரிந்திருக்கும். ‘பேச்சில் 2022க்குச் சொன்ன காரணம் என்ன’ என்பதற்குப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

விடை தவறினால் மதிப்பெண்ணைவிடக் குறிப்புத்தாளைப் பார்ப்பதுதான் பயன் தரும். தாளிலேயே தேதி தப்பாக இருந்தால் சொல்லே சரியாகக் காதில் விழவில்லை. தேதி சரியாக இருந்து பெருக்கல் குறி இல்லாவிட்டால் சொல் விழுந்திருக்கிறது, வாக்கியத்தின் முடிவு விழவில்லை. குறிப்பு சரியாக இருந்தும் விடை தவறினால் கேள்வியைத்தான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. விடை எழுதி முடித்தபின் அதே பதிவை இரண்டாம் முறை ஒலிக்கவிட்டு, விட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையில் சேர்க்கச் சொல்லுங்கள். சிவப்பு பெரும்பாலும் வரிகளின் கடைசியில் விழுந்திருந்தால், அடுத்த பேச்சில் அவர் பேனாவைத் தாமதமாக இறக்கப் பழக வேண்டும்.