தலைக்கு எத்தனை காசு?

ஒரு யூடியூப் சேனலை மாதம் 50,000 பேர் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். 200 பேர் மாதம் 59 ரூபாய் கட்டி உறுப்பினரானால் 11,800 ரூபாய். தலைக்கு 24 காசு. வீடியோவின் கீழே 'சூப்பர் தேங்க்ஸ்' 2,500 ரூபாய் வந்தால் 5 காசு. 800 பேர் பார்த்த ஒரே நேரலையில் 'சூப்பர் சாட்' 4,000 ரூபாய் என்றால் தலைக்கு 5 ரூபாய்!

இந்த 5 ரூபாயை அப்படியே நம்பக்கூடாது. நேரலைக்கு வருபவர்கள் ஏற்கெனவே நெருக்கமான ரசிகர்கள். அதே 50,000 பேரால் வகுத்தால் 8 காசுதான். அதிலும் 2,000 ரூபாயை ஒருவரே கொடுத்திருக்கலாம். ஆகவே கொடுத்தவர்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்.

ஆனாலும் நேரலைக்குத் தனி ஈர்ப்பு உண்டு. பணம் கொடுத்தவரின் செய்தி வண்ணத்தில் மேலே நிற்கிறது. நடத்துபவர் பெயர் சொல்லிப் பதில் தருகிறார். பெயர் வாசிக்காத நேரலைகளில் கொடுப்பவர்கள் குறைந்தால், அவர்களை ஈர்த்தது அந்தக் கவனிப்பே என்று கொள்ளலாம்.