உங்களுக்குத் தெரியுமா? உப்பிலிருந்து உதிர்ந்த 'ச'

● திராவிட மொழிகளுக்கென்று ஒரு பெரிய சொற்பிறப்பு அகராதி இருக்கிறது. டி. பரோ, எம்.பி. எமனோ என்ற இருவர் தொகுத்தது. முதல் பதிப்பு 1961இல் வந்தது, திருத்திய பதிப்பு 1984இல். அதில் உள்ள சொற்கள் தமிழ் அகரவரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் 'உப்பு' என்ற சொல்லை 'உ' வரிசையில் தேடினால் கிடைக்காது. 'ச' வரிசைக்குப் போக வேண்டும். அங்கே 'சு' தொடங்கும் இடத்தில், 2674ஆம் எண்ணில், உப்பு உட்கார்ந்திருக்கிறது.

அச்சுப்பிழை இல்லை. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு எல்லாவற்றிலும் உப்பு உப்புதான். அதே பதிவில் சற்றுக் கீழே வந்தால், சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் பேசப்படும் பர்ஜி மொழியில் 'சுப்', கோலாமி மொழியில் 'ஸுப்' என்று இருக்கும். நம் உப்புக்கும் முன்னொரு காலத்தில் தலையில் ஒரு 'ச' இருந்தது, அது உதிர்ந்துவிட்டது என்பது தொகுப்பாசிரியர்களின் முடிவு. அதை வாய்விட்டுச் சொல்லாமல், சொல்லை வைத்த இடத்தாலேயே சொல்லிவிட்டார்கள்.

● 'ச' உதிர்ந்தது என்று ஏன் சொல்ல வேண்டும்? பர்ஜிக்காரர்கள் பிற்பாடு ஒரு 'ச'வைச் சேர்த்துக்கொண்டிருக்கக் கூடாதா? நியாயமான கேள்வி. தமிழில் இருக்கும் வடிவமே மூத்தது என்று நினைக்கும் பழக்கம் நமக்கு உண்டு என்பதால் இதைக் கேட்டே ஆக வேண்டும். விடை கோண்டி மொழியின் எண்ணுப்பெயர்களில் இருக்கிறது.

மத்திய இந்தியாவில் பல மாநிலங்களில் பரவிக் கிடக்கும் கோண்டியில் ஐந்து 'சையுங்'. ஆறு 'சாறுங்'. அடுத்து ஏழும் 'சே' என்று தொடங்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? தொடங்குவதில்லை. அது 'ஏடுங்' என்பதுபோல, நம் ஏழைப் போலவே உயிரெழுத்தில் தொடங்குகிறது. கோண்டியர்கள் உயிரெழுத்துக்கு முன்னால் 'ச' போடும் பழக்கம் உள்ளவர்களாக இருந்தால் ஏழுக்கும் போட்டிருப்பார்கள். போடவில்லை. ஆக, ஐந்திலும் ஆறிலும் அது பிறவியிலேயே இருந்தது, ஏழில் இல்லை. நாம்தான் மூன்றையும் ஒன்றுபோல ஆக்கிவிட்டோம். நம் ஐந்தையும் ஆறையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது ஒருநாளும் தெரிந்திருக்காது.

இந்த உதிர்வைப் பற்றி 1940களிலேயே தனிக் கட்டுரை எழுதியவர் பரோ. ஆக்ஸ்போர்டில் அவர் சமஸ்கிருதப் பேராசிரியர் என்பது கூடுதல் தகவல்.

● ஒரு 'ச' ஒரே நாளில் காணாமல் போவதில்லை. முதலில் மெலிந்து 'ஹ' ஆகும். பிறகு அந்த மூச்சும் அடங்கும். உலகத்தில் பல மொழிகளுக்கு இந்தப் பழக்கம் உண்டு. சிந்து பாரசீகர் வாயில் 'ஹிந்து' ஆயிற்று. அதைக் கேட்ட கிரேக்கர்கள் 'ஹ'வையும் விட்டு 'இந்தோஸ்' என்றார்கள். இந்தியா என்ற பெயர் வந்த வழி அதுதான்.

தமிழில் இந்த நடுப்படி எப்போதோ நடந்து முடிந்துவிட்டது, எழுத்தில் தடம் இல்லை. கோண்டியில் இன்றும் பார்க்கலாம். உப்புக்கு ஒரு வட்டாரத்தில் 'சொவர்' என்கிறார்கள், இன்னொரு வட்டாரத்தில் 'ஹொவர்', மற்றொன்றில் அந்த 'ஹ'வும் கிடையாது. வடக்கிலிருந்து தெற்கே வரவரத் தேய்கிறது. மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி இதை ஆராய்ந்து 1998இல் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாச் சொல்லிலும் ஒரே சமயத்தில் மாற்றம் வரவில்லை, சொல் சொல்லாகப் பரவியது என்பதை அதில் காட்டினார்.

இது தெரிந்தால் இன்னொரு சந்தேகமும் தீரும். 'ச' உதிர்ந்தது என்றால் சாவும் செவியும் மட்டும் தப்பியது எப்படி? தமிழில் இந்த மாற்றம் எல்லாச் சொற்களையும் எட்டுவதற்குள் நின்றுபோனது. எட்டிய சொற்களில் உதிர்ந்தது, எட்டாதவற்றில் நிலைத்தது.

● பாதி வழியில் மாட்டிக்கொண்ட சொற்களும் உண்டு. சிறகு, இறகு. சிப்பி, இப்பி. 'இப்பி' இன்று யார் வாயிலும் இல்லை, பழைய நூல்களிலும் அகராதியிலும் இருக்கிறது. சிறகும் இறகும் ஒன்றாகப் பிறந்து, பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டவை. முழுச் சிறகு ஒன்று, உதிர்ந்து விழும் ஒற்றை இறகு ஒன்று என்று இன்று பலர் வேறுபடுத்துகிறார்கள். பழைய வழக்கில் அந்தக் கோடு இவ்வளவு அழுத்தமாக இல்லை.

● இஞ்சிக்கு மட்டும் தனிக் கதை. அந்த ஒரே சொல்லின் பயணத்தைப் பற்றி ஆலன் ராஸ் என்ற ஆங்கில மொழியியலாளர் 1952இல் முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். சொல்லாராய்ச்சிக்காரர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

தமிழிலும் மலையாளத்திலும் இஞ்சி. பாலியில் 'சிங்கிவேர', சமஸ்கிருதத்தில் 'ச்ருங்கவேர', கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரி'. பின்பாதியில் இருக்கும் 'வேர்' நமக்கு உடனே தெரிகிறது. முன்பாதிதான் தொல்லை. இஞ்சிவேரிலிருந்து போயிருந்தால் 'ச' எங்கிருந்து வந்தது?

உப்பின் கதை கையில் இருந்தால் விடை சுலபம். இஞ்சியின் தலையிலும் ஒரு காலத்தில் 'ச' இருந்தது. அந்தப் பழைய வடிவத்தைச் 'சிங்கிவேர்' என்பதுபோல மீட்டமைக்கிறார்கள். 'ச' உதிர்வதற்கு முன்னமே அந்தச் சொல் வடக்கே போய்விட்டது. பாலி அதைக் கேட்டபடி எழுதி வைத்துக்கொண்டது. சமஸ்கிருதம் ஒரு படி மேலே போய், தனக்குத் தெரிந்த 'ச்ருங்க'த்தை, அதாவது கொம்பை, அதில் பொருத்திப் பொருள் கண்டுகொண்டது. இஞ்சியின் உருவம் மான்கொம்பு மாதிரிதானே இருக்கிறது என்று விளக்கமும் சொன்னார்கள். அழகான விளக்கம்தான். அழகாக இருப்பதே சந்தேகப்பட ஒரு காரணம். வேற்றுமொழிச் சொல் வாயில் நுழையாதபோது, தெரிந்த சொல்லாக அதை வளைத்துக்கொள்வது எல்லா மொழியும் செய்யும் வேலை.

கிரேக்கம், லத்தீன் வழியாகப் போன கிளை ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்' ஆயிற்று. பாரசீகம் வழியாகப் போன கிளை அரபியில் 'ஸன்ஜபீல்' ஆகி, குர்ஆனிலும் இடம்பெற்றது. சரக்கு போன தூரத்துக்குச் செய்தி போகவில்லை. மிளகுக்கொடியின் வேர்தான் இஞ்சி என்று ரோமில் சிலர் நம்பியிருக்கிறார்கள், அப்படி இல்லை என்று முதல் நூற்றாண்டில் பிளினி எழுத வேண்டியிருந்தது.

இதில் ஒரு நுணுக்கம். பரோவும் எமனோவும் இஞ்சியை 'ச' வரிசையில் வைக்கவில்லை, 'இ' வரிசையிலேயே, 429ஆம் எண்ணில் வைத்தார்கள். உப்புக்குப் பர்ஜியும் கோலாமியும் சாட்சி சொல்கின்றன. இஞ்சிக்குக் குடும்பத்துக்குள் அப்படிச் சாட்சி இல்லை, வெளியார் சாட்சிதான். அந்த வேறுபாட்டை மதித்திருக்கிறார்கள். இந்த அகராதியை நான் நம்புவதற்கு இந்த ஒரு இடமே போதும்.

● மதுரைக்காஞ்சியில் இஞ்சி வருகிறது, 'ச' இல்லாமலேயே. ஆக, உதிர்வு சங்க காலத்துக்கு முந்தியது. தொல்காப்பியத்தின் மொழிமரபில், அ, ஐ, ஔ என்ற மூன்று உயிரோடு சேர்ந்த சகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று ஒரு விதி உண்டு. ஐந்தின் பழைய வடிவம் 'சை' என்பதுபோலத் தொடங்கியதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும். ஆனால் அந்த நூற்பாவுக்கு ஒரு பாடபேதமும் இருக்கிறது. அதில் ஔ மட்டும்தான் விலக்கு. எனவே இதை மட்டும் வைத்துக் கட்டடம் எழுப்ப வேண்டாம்.

● அரிசியிலிருந்துதான் கிரேக்கத்தின் 'ஒரிஸா', அதிலிருந்து ஆங்கிலத்தின் 'ரைஸ்' என்று மேடையில் சொன்னால் கைதட்டல் உறுதி. 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல் காலத்திலிருந்து வரும் பேச்சு அது. இன்றைய ஆய்வாளர் பலர் கிரேக்கச் சொல் ஈரானிய மொழிகள் வழியாகப் போனது என்றே கருதுகிறார்கள். நெல்லைக் குறிக்கும் சமஸ்கிருத 'வ்ரீஹி'க்கு உறவான ஈரானியச் சொற்கள் சில வகர ஒலியோடு தொடங்குகின்றன. அந்த 'வ்ரீஹி'க்கே ஆதியில் ஒரு திராவிட மூலம் உண்டா என்பது தனி வழக்கு, இன்னும் நடக்கிறது. இஞ்சிக்கு வழிநெடுகத் தடயம் உண்டு. அரிசிக்கு நேர்வழித் தடயம் கிடையாது.

● எதை எந்த வரிசையில் படிக்கலாம்? பரோ–எமனோ அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் அங்கேயே இருக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அகராதி அது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேரகராதி ஒரு சொல்லின் பொருள்களையும் நூல் மேற்கோள்களையும் தரும், ஆனால் வடமொழி மூலம் என்று அது போடும் குறிப்புகளை அப்படியே விழுங்க வேண்டாம். தேவநேயப் பாவாணர் அவற்றை விடாமல் எதிர்த்தவர். அவருடைய வேர்ச்சொல் விளக்கங்களையும் இதே கண்டிப்போடு படிக்க வேண்டும். உறவு மொழிச் சான்று எங்கே, ஒலி மாறியதற்கு இணையான இன்னொரு சொல் எங்கே என்று இருதரப்பையும் கேளுங்கள்.

பரோ–எமனோவில் ஆதிவடிவம் கொடுக்கப்பட்டிருக்காது, உறவுச் சொற்களின் பட்டியல் மட்டுமே இருக்கும். பட்டியலைப் பார்த்து ஆதிவடிவத்தை ஊகிக்கும் முறைக்குக் கிருஷ்ணமூர்த்தி 2003இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாகக் கொண்டுவந்த திராவிட மொழிகள் பற்றிய நூல் வேண்டும். அதில் ஒலியியல் பகுதியை முதலில் படியுங்கள். மற்றவை பிறகு. அகராதியில் தமிழ்ச்சொல் நினைத்த எழுத்தில் கிடைக்காவிட்டால், ஆங்கிலப் பொருளைத் தட்டித் தேடுங்கள். அப்போதும் அகப்படாவிட்டால், உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஒரு 'ச'வைப் போட்டுப் பாருங்கள்.