வெட்டிய ஓரம் ஏன் மங்குகிறது?

எவர்சில்வர் குடம் ஒன்றைப் படம் எடுத்து, பின்னணியை நீக்கியிருக்கிறீர்கள். படத்தில் குடத்தின் அகலம் 600 பிக்சல். கடைக்காரர் அதையே போஸ்டருக்கு 2400 பிக்சலாகக் கேட்கிறார். ஃபோட்டோஷாப்பில் நான்கு மடங்கு பெரிதாக்கியதும் குடத்தின் விளிம்பு பஞ்சுபோல் மங்கினால், நீங்கள் போட்டது பிக்சல் மாஸ்க்.

அது கறுப்பு வெள்ளைப் படம்தான். விளிம்பில் இருந்த ஒரு பிக்சல் சாம்பல் நிறம், பெரிதாக்கும்போது நான்கு பிக்சல் பட்டையாகிவிடும். சிறிதாக்கிவிட்டு மறுபடி பெரிதாக்கினால் நிலைமை இன்னும் மோசம். போன நுணுக்கம் திரும்பி வராது.

வெக்டர் மாஸ்க்கில் பிக்சல் கிடையாது. பென் டூலால் வரைந்த வளைவின் கணக்கு மட்டுமே இருக்கும். புதிய அளவில் ஓரம் புதிதாகக் கணக்கிடப்படுவதால், 2400 பிக்சலிலும் அது கூராகவே நிற்கும். பாதையை வரைந்து, Layer > Vector Mask > Current Path கொடுத்தால் போதும். ஆனால் Rasterize Vector Mask கொடுத்தால் அது பிக்சல் மாஸ்க் ஆகிவிடும்.

கூராவது ஓரம் மட்டுமே. உள்ளே இருக்கும் குடத்தின் படம் 600 பிக்சல் படம்தான். அது மங்கத்தான் செய்யும். கத்தி போன்ற ஓரத்துக்குள் மங்கல் குடம் இருந்தால், காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலத் தெரியும். அப்போது Properties பலகத்தில் Feather-ஐச் சற்றே கூட்டுவேன்.

தலைமுடி, புகை, மெல்லிய துணிக்கு மட்டும் வெக்டர் வேண்டாம். அரைகுறையாக மறைப்பது பிக்சல் மாஸ்க்குக்கே கைவந்த வேலை. இங்கே அளவை முதலிலேயே முடிவு செய்துவிட்டு வெட்டுங்கள்.