வழி தவறி வந்த சம்பளப் பட்டியல்

முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து உங்களுக்கு மின்னஞ்சல் வருகிறது. ‘ஏப்ரல் சம்பளப் பட்டியல், சரிபார்க்கவும்’ என்று தலைப்பு. கூடவே ஓர் எக்ஸெல் கோப்பு. பெரும்பாலும் பெயர் ஒற்றுமைதான் காரணமாக இருக்கும். அனுப்புகிறவர் இரண்டெழுத்துத் தட்டியதும் மீதி முகவரியைக் கணினியே நிரப்பிவிடுகிறது. சில சமயம், பெற வேண்டியவரே தன் முகவரியைத் தப்பாகக் கொடுத்திருப்பார். ஜிமெயில் முகவரியில் பெயருக்கு நடுவே வைக்கும் புள்ளி கணக்கில் வராது. வைத்தாலும் விட்டாலும் ஒரே பெட்டிக்குத்தான் கடிதம் போகும். இது தெரியாமல், உங்கள் பெயர்க்காரர் ஒருவர் புள்ளி சேர்த்த முகவரியைத் தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தால், அவருக்கான கடிதமெல்லாம் உங்களிடம் வந்து சேரும்.

கோப்பைத் திறக்க வேண்டாம். உள்ளே பலருடைய வங்கிக் கணக்கு எண்ணும் பான் எண்ணும் இருக்கலாம். அல்லது, ஆவலைத் தூண்டித் திறக்கவைக்க மோசடிக்காரர் விரித்த வலையாகவும் இருக்கலாம். அனுப்பியவரின் முழு முகவரியைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் பதில் போட வேண்டாம். நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள தொலைபேசி எண்ணில் கேளுங்கள். அந்தக் கடிதத்திலேயே இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்.

உண்மைதான் என்று தெரிந்தால், அனுப்பியவருக்கு மட்டும் பதில் எழுதுங்கள். ‘ரிப்ளை ஆல்’ அழுத்தினால் நகல் பெற்ற எல்லோருக்கும் அது போகும். பதிலுக்குக் கீழே தானாக ஒட்டிக்கொண்டு வரும் பழைய கடிதத்தையும் அழித்துவிடுங்கள். இவ்வளவு எழுதினால் போதும்:

“வணக்கம். இன்று காலை 10.40-க்கு, ‘ஏப்ரல் சம்பளப் பட்டியல்’ என்ற தலைப்பில் நீங்கள் அனுப்பிய கடிதம் தவறுதலாக எனக்கு வந்திருக்கிறது. நான் உங்கள் ஊழியர் இல்லை. இணைப்பைத் திறக்கவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. உங்கள் பதில் கிடைத்ததும் அழித்துவிடுகிறேன்.”

ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் நிறுவனம் தெரிவிக்க வேண்டும். யார் பார்த்தார்கள், எவ்வளவு பார்த்தார்கள் என்பதை அவர்கள் உங்களிடமிருந்துதான் அறிய முடியும். பட்டியலில் உள்ள ஊழியர்கள் தங்கள் வங்கிக் கணக்கை உஷாராகக் கவனிப்பதும் இந்த நேர்மையைப் பொறுத்தது. கடிதத்தை அனுப்பியவர் திரும்பப் பெற்றுக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள். ஜிமெயிலில் அந்த வசதி அதிகபட்சம் 30 விநாடிதான்.

அழிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஜிமெயிலில் நீக்கிய கடிதம் குப்பைக் கூடையில் 30 நாள் கிடக்கும். அங்கிருந்தும் நீக்க வேண்டும். கோப்பைத் திறந்திருந்தால் செல்போனின் டவுன்லோட்ஸ் பகுதியையும் பாருங்கள். பெரும்பாலானவர்கள் மறப்பது இதைத்தான்.

ஓரிரு நாளில் பதில் வராவிட்டால் நிறுவனத்தின் பொது எண்ணுக்கு அழைத்து, மனிதவளப் பிரிவில் சொல்லுங்கள். அப்போதும் பட்டியலில் உள்ள பெயர்களையோ தொகைகளையோ சொல்ல வேண்டாம். எந்தத் தேதியில், எந்தத் தலைப்பில் வந்தது என்று சொன்னால் அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.