மூன்றாம் நாள் குறிப்பு

ஜவ்வாது மலையில் இரவில் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களைக் கட்டுவிரியன் கடிப்பதுண்டு. கடிவாயில் வீக்கம் இராது; பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியலில் வயிறு வலிக்கும், பிறகு இமைகள் சரியும், எச்சில் விழுங்க வராது. ஜமுனாமரத்தூரிலிருந்து கீழிறங்கித் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ போய்ச் சேர்வதற்குள் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடலாம். அப்படி வந்து, வென்டிலேட்டரில் மூன்றாம் நாளாக இருக்கும் ஒரு பெண்ணை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். உயரம் 155 செ.மீ.

ஐசியு மருத்துவர் தினமும் காலையில் உடலை மண்டலம் மண்டலமாகப் பார்த்துக் குறிப்பு எழுதுவார். தலையில் தொடங்குவது வழக்கம். இந்த நோயாளியிடம் இடறுவதும் அங்கேதான். கண் திறக்கவில்லை, கைகால் அசையவில்லை, கண்மணி விரிந்திருக்கிறது, டார்ச் வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. இதை மட்டும் எழுதிவைத்தால், அடுத்த ஷிப்டில் படிப்பவர் மூளைச்சாவு என்றே எண்ணக்கூடும். உண்மையில் அவர் விழித்திருக்கலாம். நாம் பேசுவதெல்லாம் கேட்கலாம். நஞ்சு தாக்குவது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை, மூளையை அல்ல. ஆகவே இமையைக் கையால் தூக்கிப் பிடித்து, "கால் விரலை அசைம்மா" என்று கேட்டு, மெல்லிய அசைவாவது இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். ‘செயலிழப்பு, சுயநினைவு இருப்பதாகவே கருதவும்’ என்ற வரி அவசியம். மயக்க மருந்தும் வலி மருந்தும் அந்த வரியைப் பார்த்தே முடிவாகும். திடீரென நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறினால், வலியோ பயமோ இருக்கலாம் என்று இதயப் பகுதியில் சேர்க்க வேண்டும். மூடாத இமைக்குக் களிம்பும் தேவை. இல்லையேல் விழி காய்ந்து புண்ணாகும்.

அடுத்தது மூச்சு. காற்றின் அளவை எடைமெஷினில் காட்டும் எடையை வைத்துக் கணக்கிடுவதில்லை. இவருடைய உயரத்துக்குரிய எடை சுமார் 48 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. என்றால், ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 290 மி.லி. குழாய் உதட்டருகே எத்தனையாவது செ.மீ. குறியில் நிற்கிறது என்பதையும் தினம் எழுதுவார்கள். நேற்று 21 இருந்தது இன்று 25 என்றால், குழாய் வலது நுரையீரலுக்குள் நழுவியிருக்கலாம். இடப்பக்கம் மூச்சொலி குறையும். நேற்றைய குறிப்பை அப்படியே இன்று எழுதிவைத்தால் இது யார் கண்ணிலும் படாது.

வயிற்றுப் பகுதியில் குழாய் உணவு. சிறுநீரகப் பகுதியில் சோடியம்: கட்டுவிரியன் கடியில் அது இறங்குவதுண்டு, மிகவும் இறங்கினால் வலிப்பு வரும்.

மருந்துப் பகுதியில் விஷமுறிவு மருந்து ஏன் மேலும் ஏற்றப்படவில்லை என்று குடும்பத்தார் கேட்பார்கள். ரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் அது பிடிக்கும். ஏற்கெனவே சிதைந்த நரம்பு முனைகள் தாமாக வளர்ந்தாக வேண்டும். அதற்குப் பல நாள் பிடிக்கும். அதுவரை மூச்சு கொடுப்பது இயந்திரத்தின் வேலை.

ஆறாம் நாள் குறிப்பில் அவர் இமையைத் தானே திறக்கிறார் என்றும், தலையணையிலிருந்து தலையை இரண்டு விநாடி தூக்கினார் என்றும் இருக்கலாம். ஐந்து விநாடி தூக்கிப் பிடிக்கவும், இருமிச் சளியை வெளித்தள்ளவும் வலு வரும்வரை குழாயை எடுக்க வேண்டாம் என்பது அன்றைய திட்டம்.