கடல் வற்றும்வரை காத்திருக்கலாகாது

பாடசாலை மாணவர்களுக்கு வழங்கப்படும் அனர்த்த முகாமைத்துவ ஒப்படைகளில் சூறாவளி, வெள்ளம், ஆழிப்பேரலை ஆகிய மூன்றும் ஒரே தலைப்பின் கீழ் வருவது வழக்கம். அண்மையில் அவ்வாறான ஒப்படைகள் சிலவற்றைப் பார்வையிடும் வாய்ப்புக் கிட்டியது. மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே பாதுகாப்பு நடவடிக்கைகளே எழுதப்பட்டிருந்தன. வானொலியைக் கேட்க வேண்டும், உயரமான இடத்துக்குச் செல்ல வேண்டும், கடலுக்குச் செல்லக்கூடாது என்பன அவை. பிழையென்று கூற முடியாது. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையில் ஓர் அனர்த்தத்துக்கு உயிர்காக்கும் செயல் மற்றொன்றில் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, இலங்கை நேரப்படி ஏழு மணியளவில், சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவுடைய நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதனால் எழுந்த அலை ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் கடந்து இரண்டு மணித்தியாலங்களுக்குள் நமது கிழக்குக் கரையை அடைந்தது. வடமராட்சி கிழக்கில் மணற்காடு, உடுத்துறை, மருதங்கேணி போன்ற கிராமங்களும், தெற்கே மருதமுனை, சாய்ந்தமருது போன்று கடலோரத்தில் நெருக்கமாக வீடுகள் அமைந்த முஸ்லிம் ஊர்களும் அழிவைச் சந்தித்தன. நாடு முழுவதும் முப்பதினாயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அந்த இரண்டு மணித்தியாலங்களில் எவரும் எச்சரிக்கப்படவில்லை. கரையிலிருந்தவர்களை உசார்ப்படுத்தக்கூடிய அளவுக்கு நிலமும் இங்கு அதிரவில்லை.

பின்னர் நமது பாடநூல்களிலும் பேச்சிலும் நிலைபெற்றுவிட்ட அறிகுறி ஒன்றுண்டு. பேரலைக்கு முன் கடல் உள்வாங்கும் என்பதே அது. இது பாதி உண்மை மாத்திரமே. நிலநடுக்கத்தின்போது கடற்படுகையின் ஒரு பக்கம் மேலெழுந்தது, மறுபக்கம் தாழ்ந்தது. தாழ்ந்த பக்கத்தை நோக்கியிருந்த தாய்லாந்துக் கரையில் முதலில் நீர் வற்றியது. மேலெழுந்த பக்கத்தை நோக்கியிருந்த இலங்கையிலும் இந்தியாவின் கிழக்குக் கரையிலும் முதலில் நீர்மட்டம் உயர்ந்தது. இங்கு கடல் வெகுதூரம் உள்வாங்கியதைப் பலர் கண்டது முதல் அலைக்குப் பின்னராகும். அடுத்து வந்தது அதனிலும் பெரிய அலை. வெறுமையான கடற்படுகையில் மீன் பொறுக்கச் சென்றோரும், முதல் அலை வடிந்ததும் உறவினரைத் தேடி மீண்டும் கரைக்கு ஓடியோரும் அதில் அகப்பட்டனர். எனவே கடல் வற்றினால் ஓட வேண்டும். வற்றாவிடினும் ஆபத்தில்லை என்று கருதலாகாது. காரணமின்றி நீர்மட்டம் ஏறுவதும், வழமைக்கு மாறான இரைச்சலும் அதேயளவு எச்சரிக்கைதான். முதல் அலையோடு எல்லாம் முடிந்தது என்றும் எண்ணலாகாது. அலைகள் பல மணித்தியாலங்களுக்குத் தொடர்ந்து வரக்கூடும்.

ஓடுவது எங்கே என்பது குடாநாட்டுக்கே உரிய சிக்கல். இங்கு மலையில்லை. வடமராட்சி கிழக்கு கடலுக்கும் நீரேரிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம். உள்நோக்கி ஓடினால் நீரேரி மறிக்கும். ஆகவே உட்புறம் செல்லும் குறுக்கு வீதி எது, நடந்து செல்ல எத்தனை நிமிடம் பிடிக்கும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் முன்கூட்டியே நடந்து பார்த்திருக்க வேண்டும். நேரம் போதாதெனில் உறுதியான மாடிக்கட்டடமே அடைக்கலம். அது பாடசாலையாக இருக்கலாம். தேவாலயமாகவோ பள்ளிவாசலாகவோ இருக்கலாம். மணற்காட்டு மணற்குன்றுகள் போன்றவை இயற்கை தந்த அணைகள். அவற்றிலிருந்து லொறி லொறியாக மணல் அகழ்வோர் அலைக்கு வாசல் திறந்துவிடுகின்றனர் என்றே கூற வேண்டும்.

இன்று இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை ஒழுங்கு உண்டு. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது நமது கரையோர மக்கள் வெளியேற்றப்பட்டனர். பேரலை வரவில்லை. கடற்படுகை மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டில் நழுவியமையே காரணம். நிலநடுக்கம் நிகழ்ந்த முதற் சில நிமிடங்களில் இதனைப் பிரித்தறிவது கடினம். ஆதலால் அன்று ஓடியவர்கள் ஏமாற்றப்பட்டவர்களல்லர்.

சூறாவளியின் நிலை வேறு. அது திடீரென வருவதில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் தாழமுக்கம் உருவாகும்போதே அறிவிக்கின்றது. கடற்றொழிலாளர் இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மனத்திற் பதிக்க வேண்டும். ஆழிப்பேரலை எச்சரிக்கையின்போது ஆழ்கடலில் நிற்கும் படகு கரைக்குத் திரும்பலாகாது. ஆழமான நீரில் அந்த அலை உயரமற்றது, கரையிலேயே அது எழுகின்றது. சூறாவளி எச்சரிக்கையின்போதோ படகு உடனடியாகக் கரைக்குத் திரும்ப வேண்டும்.

காற்றின் திசையும் ஒரு செய்தி சொல்லும். நமது பகுதியில் சூறாவளி இடஞ்சுழியாகச் சுழல்கின்றது. காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் அதன் மையம் பெரும்பாலும் இடப்புறத்தில் இருக்கும். மையம் கிழக்கே நிற்கையில் நமக்கு வடக்குக் காற்று வீசும். அது கிழக்காக மாறினால் மையம் நமக்குத் தெற்கே கடக்கின்றது. மேற்காக மாறினால் வடக்கே கடக்கின்றது. வடக்குக் காற்று மாறாமல் வலுத்துக்கொண்டே போனால் மையம் நம்மை நோக்கியே வருவதாகக் கொள்ளலாம். அவ்வாறு வந்து பெருங்காற்று திடீரென அடங்குமாயின் வெளியே வருதல் கூடாது. அது சூறாவளியின் கண். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் தாக்கும். கூரை பறந்த வீட்டிலிருந்து பாதுகாப்பான கட்டடத்துக்கு மாறுவதற்கு மாத்திரம் அந்த இடைவெளி பயன்படும். பாக்கு நீரிணை ஆழமற்றது என்பதால் காற்று தள்ளும் கடல்நீர் அங்கு வெகுவாக உயரும். 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு தனுஷ்கோடியை அழித்தது அவ்வாறு உயர்ந்த கடலே.

காற்றின் வேகத்தை மாத்திரம் கொண்டு ஆபத்தை அளப்பதும் தவறு. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் மழை கொட்டியது. ஓராண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அது. 2025 நவம்பரில் வந்த டித்வா பெருங்காற்றுப் புயலன்று. எனினும் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

குடாநாட்டில் பேராறுகள் இல்லை. மழைக்காலத்தில் ஓடும் வழுக்கியாறு ஒன்றே உண்டு. சுண்ணக்கல் நிலம் ஐப்பசி மழையை உறிஞ்சிக்கொள்ளும். கார்த்திகையில் நிலம் நிறைந்துவிட்டபின் பெய்யும் மழைக்குப் போக்கிடமில்லை. ஆகவே இங்கு வெள்ளத்தின் முதல் அறிகுறி வீட்டுக் கிணற்றிலேயே உள்ளது. நீர்மட்டம் நிலத்துக்கு ஒரு முழம் கீழே வந்துவிட்ட நிலையில் பெருமழை அறிவிக்கப்படுமாயின், தாழ்ந்த பகுதியினர் ஆவணங்களையும் மருந்துகளையும் எடுத்துக்கொண்டு பகலிலேயே இடம்பெயர்வது நலம். அடைபட்ட மதகுகளையும் வாய்க்கால்களையும் பற்றி மழைக்கு முன்பே கிராம அலுவலரிடம் முறையிட வேண்டும். அவசர உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழைக்கலாம்.

நீர் வடிந்தபின் கிணறுதான் பெருங்கவலை. மழைவெள்ளம் மலசலகூடக் குழிகளைக் கலக்கிவிடுவதால், கிணற்றை இறைத்துக் குளோரின் இட்ட பின்னரும் சில நாட்களுக்குக் கொதித்தாறிய நீரையே பருக வேண்டும். கடல்நீர் புகுந்த கிணற்றை இந்த முறையில் நடத்தலாகாது. நமது நன்னீர் நிலத்தடி உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. உப்பை அகற்றுவதாக எண்ணி நீரிறைக்கும் இயந்திரத்தால் மணிக்கணக்கில் இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழுந்து கிணறு மேலும் கெடும். கழிவையும் சேற்றையும் அகற்ற அளவாக ஒருமுறை இறைத்துவிட்டு, குடிநீரை வேறிடத்திலிருந்து பெற்றுக்கொண்டு, அடுத்த மாரி மழைகள் உப்பைக் கழுவிச் செல்ல விடுவதே வழி. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாரிகளும் தேவைப்படலாம்.